சமூக ஊடக ஏஜென்சியிடம் கையெழுத்துப் போடும் முன்: நாங்கள் ஏமாந்த கதை

காங்கேயத்தில் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஓர் ஏஜென்சி வந்தது. முப்பது பக்க முன்மொழிவு, பக்கத்துக்குப் பக்கம் வரைபடம். மாதம் 30,000 ரூபாய். அதில் 18,000 அவர்கள் கூலி, 12,000 விளம்பரச் செலவு. மூன்று மாதத்தில் பத்தாயிரம் பின்தொடர்பவர்கள் உறுதி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்ததும் எழுந்து போயிருக்க வேண்டும். நான் பேனாவைத் தேடினேன்.

வாக்குத் தவறவில்லை. 800 பேர் இருந்த பக்கம் மூன்று மாதத்தில் பதினோராயிரத்தைத் தாண்டியது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர் முன்பு போலவே மாதம் அறுபதில் நின்றது. பின்தொடர்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பக்கத்திலேயே பார்க்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பார்த்தேன். முதல் வரிசையில் பாட்னா, லக்னோ, டாக்கா. நாங்கள் பார்சல் அனுப்புவதோ தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் மட்டும். யாராக இருந்தாலும் போதும் என்று பரந்த நிலப்பரப்பில் விருப்பம் திரட்டினால் தலைக்குச் செலவு மிகக் குறைவு. எண்ணிக்கையை உறுதியளிப்பவர்கள் அந்த வழியில்தான் உறுதியளிக்க முடியும். முன்மொழிவில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் என்பதை அல்ல. எந்த மாவட்டத்தில், வாங்குவதற்காக விசாரிக்கும் ஒருவருக்கு எவ்வளவு செலவு என்று எழுதியிருக்கிறதா என்பதை.

அடுத்தது விளம்பரப் பணம். மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாய் கொடுத்தோம். விளம்பரக் கணக்கைக் காட்டுங்கள் என்றால், “அது எங்கள் உள் கணக்கு, அண்ணா, அறிக்கை அனுப்புகிறோம்” என்று பிடிஎஃப் வந்தது. மேட்டாவின் விளம்பர நூலகத்தை (facebook.com/ads/library) எவரும் திறந்து பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். பக்கத்தின் பெயரைத் தட்டினால் அந்த நேரத்தில் ஓடும் விளம்பரங்கள் வரும். ஓடி முடிந்த சாதாரண வியாபார விளம்பரங்கள் நம் ஊரில் அங்கே நிற்பதில்லை, ஆகவே அவ்வப்போது பார்க்க வேண்டும். இரண்டு வாரம் தினமும் காலையில் பார்த்தேன். பதினான்கு நாளில் பதினோரு நாள் வெறுமையாகவே இருந்தது. அந்த மாதப் பில்லில் 12,000 அப்படியே இருந்தது.

இதே நூலகத்தைக் கையெழுத்துக்கு முன்பே பயன்படுத்தியிருக்கலாம். முன்மொழிவில் எட்டு வாடிக்கையாளர் சின்னங்கள் இருந்தன. பிறகு தேடியபோது ஆறு பக்கங்களில் ஒரு விளம்பரமும் ஓடவில்லை. ஒரு பக்கத்தில் கடைசிப் பதிவு போன வருடப் பொங்கல் வாழ்த்து.

பணத்தைவிடப் பெரிய அடி பக்கம் போனது. தொடக்கத்தில் கைபேசிக்கு ஓர் அனுமதிக் கோரிக்கை வந்தது, அழுத்தினேன். அது வேலை செய்ய மட்டும் அனுமதி கேட்கும் கோரிக்கை அல்ல. பக்கத்தையே அவர்களுடைய வணிகக் கணக்கின் (Business portfolio) உடைமையாகச் சேர்க்கும் கோரிக்கை. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, பலன் மட்டும் எதிரெதிர். பில் தகராறு முற்றிய வாரம், ஒரு நாள் காலையில் என் அணுகல் நீக்கப்பட்டிருந்தது.

சரியான முறை இதுதான்: முதலில் நம் பெயரில் வணிகக் கணக்கைத் தொடங்கி, பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் அதில் நாமே சேர்க்க வேண்டும். பிறகு Partners பகுதியில் ஏஜென்சியின் வணிகக் கணக்கு எண்ணைக் கொடுத்து, வேலைக்கு வேண்டிய அளவு அணுகல் மட்டும் தர வேண்டும். வேண்டாம் என்றால் நாமே எடுத்துவிடலாம். விளம்பரக் கணக்கும் நம் வணிகக் கணக்குக்குள் திறந்ததாக, நம் கார்டில் பணம் போவதாக இருக்க வேண்டும். அவர்களுடைய வணிகக் கணக்குக்குள் திறந்த விளம்பரக் கணக்கைப் பிரியும்போது நம் கணக்குக்கு மாற்ற வழியில்லை. யார் எதற்குப் பதிலளித்தார்கள் என்ற பழைய வரலாறு அத்தனையும் அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே இப்போது எவர் வந்தாலும் நான் கேட்பது சில கேள்விகள்தான். பக்கமும் விளம்பரக் கணக்கும் யாருடைய வணிகக் கணக்கில் இருக்கும்? மேட்டா தரும் ரசீதை மாதாமாதம் நானே பார்க்க முடியுமா? விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, படங்களின் மூலக் கோப்புகள் எனக்கு வருமா? இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எல்லோரும் தாராளமாகத்தான் இருக்கிறார்கள். கடைசியாக, உங்களைவிட்டு விலகிய வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணைத் தர முடியுமா என்று கேட்பேன். போன மாதம் வந்த மூவரில் ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். மற்ற இருவர் திரும்பி அழைக்கவே இல்லை.

பழைய பக்கத்துக்காக மேட்டாவிடம் ஆவணங்களோடு முறையிட்டிருக்கிறேன். இதற்கிடையே புதுப் பக்கம் தொடங்கிவிட்டோம், 140 பேர் இருக்கிறார்கள். கோபியில் ஒரு பாட்டி, பழைய பக்கத்தில் எண்ணெய் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டுப் பதில் வராமல், கடைசியில் புட்டியில் இருந்த எண்ணுக்கே அழைத்துவிட்டார்.