‘உன் இஷ்டம்’ என்றால் சரி என்று அர்த்தமா?

என் போனில் அக்காவுடன் பேசும் பக்கத்தில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்று வருட இடைவெளி. இரண்டுமே நான் ‘செய்யட்டுமா’ என்று கேட்டதற்கு வந்தவை.

பழையது, தோட்டத்தில் போர் போடலாமா என்று கேட்டபோது வந்தது: “போடு சாமி. ஆனா கடன் வாங்காத. ரெண்டு லட்சத்துக்கு மேல போகும்னா நிறுத்திட்டு எனக்குச் சொல்லு. யாரை வெச்சு தண்ணி பாக்கற?”

புதியது, அம்மா வளர்க்கும் இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு: “உன் இஷ்டம். என்ன வேணா பண்ணு.”

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். சித்தூர் தாலுகா கேரளத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் தமிழில்தான். அக்காவைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி; காலையில் குந்தி உட்கார்ந்து பால் கறக்க முடிவதில்லை. அதனால் எனக்கு இது பெரிய கேள்வியாகவே தோன்றவில்லை. பதில் வந்த மறுநாள் தரகரிடம் 5,000 ரூபாய் அச்சாரம் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அக்கா போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் எடுத்து, “ம், நல்லாருக்கோம்” என்று வைத்துவிடுவாள்.

இப்போது அந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவது, பழைய பதிலில் காரியம் இருக்கிறது. ‘போடு’ என்கிறாள், எதைப் போட என்பதில் சந்தேகமே இல்லை. புதியதில் மாடும் இல்லை, விற்பதும் இல்லை. ‘என்ன வேணா’ என்பது எல்லாவற்றையும் அனுமதிப்பது போலத் தெரிகிறது. ஆனால் நான் கேட்டது எல்லாவற்றையும் அல்ல, ஒன்றை. அந்த ஒன்றைத் தொடாமலே பதில் முடிந்துவிட்டது. சம்மதிக்கிறவர் காரியத்தின் பேரைச் சொல்லித்தான் சம்மதிப்பார். ‘வித்துரு’ என்று எழுத நாலு எழுத்து போதும். அந்த நாலு எழுத்தை எழுதக் கை வராதவர்தான் ‘என்ன வேணா பண்ணு’ என்று அதைவிட நீளமாக எழுதுகிறார்.

அடுத்தது நிபந்தனை. இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். ‘ஆனா’ என்று ஆரம்பித்தால் முட்டுக்கட்டை என்றும், நிபந்தனையே இல்லாவிட்டால் முழு அனுமதி என்றும் நினைக்கிறோம். போர் விஷயத்தில் அக்கா போட்ட கடன், இரண்டு லட்சம் என்கிற வேலிகள் எல்லாம், அவள் அந்தக் காரியத்துக்குள் இறங்கி என்னோடு நின்றதற்கு அடையாளம். தண்ணீர் வராமல் போயிருந்தால் “நானும்தானே போடச் சொன்னேன்” என்றிருப்பாள். மாட்டு விஷயத்தில் வேலியே இல்லை, ஏனென்றால் அவள் அந்தப் பக்கம் நிற்கவே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அது முழுக்க என் தலையில்.

மூன்றாவது, கேள்வி. ‘யாரை வெச்சு தண்ணி பாக்கற’ என்று கேட்டவளுக்கு, மாடு என்ன விலைக்குப் போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையா? செவலை கன்றுக்குட்டியாக வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். ‘சாமி’ காணாமல் போனதையும் நான் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தம்பியைச் சாமி, கண்ணு என்று கூப்பிடுவது பேச்சோடு ஒட்டிய பழக்கம். அது ஒரு தடவை விடுபட்டால் மறதி. ‘உன் இஷ்ட’த்தோடு சேர்ந்து விடுபட்டால் மறதி இல்லை.

ஆனால் இந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எங்கள் மாமா ஒருவர் எதைக் கேட்டாலும் “உன்ற இஷ்டம் மாப்ளே” என்பார். அவருக்கு அது நிஜமாகவே சரிதான். பத்து நிமிடத்தில் அதை மறந்தும் போயிருப்பார். அதனால்தான் அக்காவின் பதிலை அக்காவின் பழைய பதிலோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மாமாவின் பதிலோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதில் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு கோளாறும் சேர்ந்துகொண்டது. என் மனைவி படித்ததெல்லாம் மலையாள மீடியம். அக்காவின் பதிலை அவளிடம் காட்டியபோது, “அக்கா சம்மதிச்சாச்சே” என்றாள். அவள் காதுக்கு அது அப்படித்தான் கேட்கும். மலையாளத்தில் இஷ்டம் என்பது பிரியம், விருப்பம். கோபத்தில் சொன்னால் அங்கேயும் குத்தும் என்றாலும், சொல் பிறவியிலேயே இனிப்பு. தமிழில் ‘உன் இஷ்டம்’ என்று தனியாக நின்றால் பாதி நேரம் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கிறது.

இதன் மறுபக்கத்தையும் நான் அனுபவித்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் நண்பர்களோடு பழனிக்குப் போகட்டுமா என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன். “போய்க்கோங்க” என்று பதில் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பயணத்தை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போனால், “ஏன் போகலை?” என்று அவள் விழிக்கிறாள். மலையாளத்தில் ‘பொய்க்கோ’, ‘பொய்க்கோளூ’ என்பதுதான் தாராளமாகப் போகலாம் என்கிற நல்ல அனுமதி. அனுமதிக்கென்றே வினைச்சொல்லில் ஒரு வால் வைத்திருக்கிறார்கள். அதே ‘கொள்’ நம்மிடமும் இருக்கிறது. ‘எடுத்துக்கோ’, ‘வெச்சுக்கோ’ என்றால் மனசாரக் கொடுப்பது. ஆனால் ‘போ’வோடு சேர்ந்தால் ‘எப்படியோ போ’ என்றாகிவிடுகிறது. நம் ஆட்கள் நிஜமாக அனுமதித்தால் ‘போயிட்டு வாங்க’ என்பார்கள். திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் அனுப்பி வைப்பார்கள். ‘பாத்துப் பண்ணு’, ‘நீயே பாத்துக்கோ’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அக்கறை இருக்கிறது. இரண்டாவதில் அந்த ஒற்றை ‘ஏ’ நம்மைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

சரி, இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது? மூன்று வழிகள் உண்டு. நான் மூன்றையும் செய்து பார்த்தவன்.

சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு காரியத்தை முடிப்பது ஒன்று. “நீதானே பண்ணச் சொன்ன” என்று பிறகு போனைக் காட்டலாம். காட்டி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே, 13-ஆம் பிரிவில், ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஒப்புக்கொள்வதுதான் சம்மதம் என்று எழுதி வைத்திருக்கிறது. குடும்பத்துக்குள் யாரும் சட்டப் புத்தகம் தூக்குவதில்லைதான். இருந்தாலும் நானும் அக்காவும் ஒரே பொருளில் பேசவில்லை என்பது எனக்கே உள்ளூரத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் பதில் வந்த மறுநாளே ஏன் அச்சாரம் வாங்கப் போகிறேன்? அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அது.

“கோவமா அக்கா?” என்று கேட்பது இரண்டாவது வழி. கேட்டேன். “எனக்கென்ன கோவம்” என்று வந்தது. வேறு எப்படி வரும்? கோபமா என்று கேட்டால் பேச்சு மாட்டை விட்டுவிட்டு அவள் குணத்தைப் பற்றியதாகிவிடுகிறது. ஆமாம் என்றால் அவள்தான் சண்டைக்காரி, இல்லை என்றால் விஷயம் முடிந்தது. இரண்டிலும் அவளுக்குத்தான் நஷ்டம்.

மூன்றாவது, கேள்வியை மாற்றிக் கேட்பது. இது வேலை செய்தது, ஆனால் முதல் தடவை இல்லை. “விக்கலாமா வேண்டாமா, ஒண்ணு சொல்லு” என்று கேட்டபோது பதிலே இல்லை. யோசித்துப் பார்த்தேன். அச்சாரம் என் சட்டைப்பையில் இருக்கும்போது அவள் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு என்ன மதிப்பு? கட்டிக் கொடுத்து அனுப்பிய பெண் பிறந்த வீட்டு விஷயத்தில் வேண்டாம் என்று சொல்வதே நம் ஊரில் சுலபமில்லை. சொல்லியும் எடுபடவில்லை என்றால் அதைவிட அவமானம். அதற்கு ‘உன் இஷ்டம்’ எவ்வளவோ கௌரவம். உண்மையில் என் முதல் மெசேஜே கேள்வி இல்லை. ‘விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்’ என்று முடிவைச் சொல்லிவிட்டு, மரியாதைக்கு வாலில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டிருந்தேன். அறிவிப்புக்கு வேறென்ன பதில் வரும்?

தரகரிடம் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “வீட்டுல பேசிட்டு வாங்கோணும் மாப்ளே” என்றார். அப்புறம் அக்காவுக்கு இப்படி எழுதினேன்: “அச்சாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். மாடு ரெண்டும் கட்டுத்தரைலதான் நிக்குது. அம்மாவால கறக்க முடியல, அதுக்கு வழி தெரியாமத்தான் விக்கலாம்னு நினைச்சேன். ரெண்டையும் வெச்சுக்கலாமா, ஒண்ணை மட்டும் வெச்சுக்கலாமா? உனக்கு எது சரின்னு படுது?”

இதற்கும் எழுத்தில் பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. அவள் கவலை மாட்டைப் பற்றியே இல்லை. “சொசைட்டில பால் ஊத்தி வர்ற காசு ஒண்ணுதாண்டா அம்மா கையில அம்மா காசு. அதையும் நிறுத்திட்டா கோயிலுக்குப் போக, பேத்திக்கு ஒரு வளையல் வாங்க, எல்லாத்துக்கும் உன்கிட்டதான் வந்து நிக்கோணும். நீ குடுப்ப, இல்லீங்கல. ஆனா அம்மா கேப்பாங்களா?” என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் நான் கேட்ட முதல் நாளே இதை யோசித்திருக்கிறாள்.

பேசி முடித்த பிறகு ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது: “செவலையைக் குடுத்துரு சாமி, ஆனா வெட்டுக்குப் போகக் கூடாது, வீட்டுல வளக்கறவங்களாப் பாரு. கருப்பி இருக்கட்டும். கறக்கறதுக்கு ஆள் வெச்சுக்க, பாதிக் கூலி நான் தர்றேன். அம்மாகிட்ட நீ கேட்டியா?”

அம்மாவிடம் நான் கேட்டிருக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அம்மா கருப்பிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். செவலையை விற்கட்டுமா என்று கேட்டேன். வாளியைக் கீழே வைக்காமலே, “எனக்கென்ன தெரியும், உங்க இஷ்டம்” என்றாள்.

பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.