பழனிசாமியும் பழனிச்சாமியும்: பெயர் ஏட்டோடு இரண்டரை வருடம்

பொள்ளாச்சிப் பக்கம் பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்து வாய்க்காலில் தண்ணீர் வந்த காலத்தைப் பார்த்த பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்து, அதைத் தட்டச்சு செய்து வருகிறோம். இதுவரை 38 பதிவுகள் முடிந்திருக்கின்றன. நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பேன். என் அண்ணன் மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே காதில் மாட்டிக்கொண்டு, போனில் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவாள். `palanisamy thottathula thanni vittaanga` என்று வரும். இரண்டையும் ஒட்டித்தான் ஒரு பதிவு முழுமையாகும்.

ஆரம்பத்தில் இதை வெறும் எழுத்துப்பிழைப் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். ஒரே ஆள் `Palanisamy`, `Palaniswamy`, `Pazhanisamy`, பழனிசாமி, பழனிச்சாமி என்று ஐந்து விதமாகக் கிடக்கிறார், ஒன்றாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் 'பழனிசாமி' என்று மாற்றினேன். அச்செடுத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்த இரண்டாம் நாள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எங்கப்பா எப்பங்க அடுத்தவங்க மடைய அடைச்சாரு?"

மடையை அடைத்தவர் மேட்டுத்தோட்டத்துப் பழனிச்சாமி. இவருடைய அப்பா பள்ளத்தோட்டத்துப் பழனிசாமி. ஒலிப்பதிவில் இரண்டு பெயரும் ஒரே மாதிரிதான் கேட்கும். என் மாமா மகன் ஒருவனையும் சேர்த்தால் எங்கள் பதிவுகளில் மட்டும் மூன்று பழனிசாமிகள். கொங்கு நாட்டில் தோட்டத்துப் பெயரைச் சொல்லாமல் ஒரு பழனிசாமியைத் தேடுவது நடக்கிற காரியமா?

அன்றைக்குத்தான் ஒரு கணக்கு ஏடு தொடங்கினேன். லிப்ரேஆபீஸ் கால்க்கில் ஆறு பத்தி: எண், தமிழ் வடிவம், ஆங்கில எழுத்து வடிவம், தோட்டம் அல்லது ஊர், எந்தப் பதிவில் முதலில் வந்தார், எப்படியெல்லாம் அடித்திருக்கிறோம். பெயருக்கு ஒரு வரி இல்லை, ஆளுக்கு ஒரு வரி. பள்ளத்தோட்டத்தார் `P07`, மேட்டுத்தோட்டத்தார் `P11`. அடிக்கும்போது `[P07]பழனிசாமிக்கு` என்றோ `[P07]palanisamyku` என்றோ எண்ணை முன்னால் போட்டுவிடுவோம். யாரென்று தெரியாவிட்டால் `[P??]`. எழுத்தை ஒழுங்கு செய்வது கடைசியில்தான்.

எந்த வடிவம் சரி என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி: அவர் கையெழுத்துப் போடுகிற மாதிரி. காலமானவர் என்றால் வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை கேட்பேன். ஆதார் அட்டையை நான் நம்புவதில்லை. அதில் இருக்கும் ஆங்கில எழுத்து யாரோ ஒருவர் அன்றைக்குத் தட்டியது. பத்திரிகையில் பெயர் தப்பினால் சொந்தக்காரர்கள் விட மாட்டார்கள் என்பதால் நாலு பேர் பார்த்துத்தான் அச்சுக்குப் போயிருக்கும். தோட்டத்துப் பெயரும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

தலைப்பெழுத்துக்கும் இதே கதைதான். `N. Mahalingam` என்று அண்ணன் மகள் அடித்ததை நான் 'என். மகாலிங்கம்' ஆக்கியிருந்தேன். தொழிலதிபரான அவர் பொள்ளாச்சிக்காரர்களுக்கு நா. மகாலிங்கம். நாச்சிமுத்துவின் நா அது. ஆங்கிலத் தலைப்பெழுத்திலிருந்து தமிழ்த் தலைப்பெழுத்தை ஊகிக்கவே முடியாது, அப்பா பெயர் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த தொல்லை வேற்றுமை உருபு. 'செல்வம்' என்று தேடினால் செல்வத்தை, செல்வத்துக்கு, செல்வமும் எதுவும் சிக்காது. இதற்காக ஏட்டில் ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: பெயரின் அடி. செல்வத்துக்கு இரண்டு அடி, 'செல்வம', 'செல்வத'. புள்ளி இல்லாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. கணினிக்குள் 'ம்' என்பது ம-வும் புள்ளியும். ஆகவே 'செல்வம' என்று தேடினால் செல்வம், செல்வமும் இரண்டுமே கிடைக்கும். எண் போட்ட ஒவ்வொரு சொல்லும் அந்த ஆளுக்குரிய அடியில் ஒன்றோடு தொடங்குகிறதா என்று ஒரு சின்ன பைத்தான் நிரல் பார்க்கும். தொடங்காததைப் பட்டியலிடும். மாற்றாது, காட்ட மட்டும் செய்யும்.

அந்த நிரலை எழுதும்போது மூன்று நாள் வீணானது. எண் போடாமல் விட்ட 'வேலு'க்களைத் தேட, எல்லோரும் செய்வது போல இரண்டு பக்கமும் சொல்லெல்லையைக் குறிக்கும் `\b` வைத்தேன். 'வேலு வந்தாரு' கிடைக்கவில்லை, 'வேலுசாமி' கிடைத்தது! நேர் தலைகீழ். பைத்தானின் `re`, உயிர்மெய்யின் உகரக் குறியைச் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் குறிக்கும் இடைவெளிக்கும் நடுவே சொல்லெல்லை இல்லை என்றும், குறிக்கும் அடுத்த 'ச'-வுக்கும் நடுவேதான் எல்லை என்றும் முடிவு செய்துவிடுகிறது. இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

```python
r"(?<![\u0B80-\u0BFF\]])வேலு(?!ச)"
```

முன்னால் தமிழ் எழுத்து எதுவும் வரக்கூடாது என்பதால் சக்திவேலு ஒதுங்குவார். எண்ணை மூடும் `]` வரக்கூடாது என்பதால் ஏற்கெனவே எண் போட்ட வேலுவும் ஒதுங்குவார். பின்னால் 'ச' கூடாது என்பதால் வேலுசாமி, வேலுச்சாமி இருவரும் ஒதுங்குவார்கள். வேலுவுக்கு, வேலுவோட எல்லாம் அகப்படும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. கௌசல்யா என்ற பெயர் ஏட்டில் இருந்தும் நிரல் இல்லை என்றது. பதிவில் 'கெ'-வுக்குப் பின்னால் 'ள' எழுத்தை அடித்திருந்தோம், திரையில் பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். சோதிக்க எளிய வழி, எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அடிப்பது. 'க' மிஞ்சினால் சரி, 'கெ' மிஞ்சினால் பிழை. யூனிகோடு ஒழுங்குபடுத்தும் `NFC` இதைத் திருத்தாது, அதற்கு 'ள' முறையான தனி எழுத்து. சரி, `ெள` வருகிற இடமெல்லாம் மாற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மாற்றிப் பார்த்தால் வெள்ளிங்கிரிகள் அத்தனை பேரும் சிதைந்துவிட்டார்கள். மலையடிவாரத்துக்காரர்களின் பதிவுகளில் இந்தப் பெயருக்குக் குறைவே இல்லை. பின்னால் புள்ளி இருந்தால் தொடாதே என்று நிரலில் சேர்த்தேன். மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் மாற்றினேன்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரப் பதிவுக்கு, அடித்து முடித்த பிறகு பெயர்களுக்கு எண் போட மட்டும் முக்கால் மணி நேரமாவது ஆகிறது. அண்ணன் மகளுக்கு போனில் சதுர அடைப்பு போடுவது எரிச்சல். "சித்தப்பா, பஸ்ஸுல இதெல்லாம் முடியாது" என்று சொல்லிவிட்டாள், அவள் பங்குக்கும் நானே போடுகிறேன். அவள் பெரிய எழுத்தே போடுவதில்லை என்பதால் `mani` என்று வந்தால் ஆளா, கடிகாரமா என்று ஒலியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். `mani anju irukkum` என்பதற்கு ஒருநாள் எண் போட்டு, அஞ்சு மணியை ஓர் ஆளாக ஏட்டில் ஏற்றியிருக்கிறேன்.

ஏடு இப்போது 214 ஆட்களில் நிற்கிறது. `[P??]` என்று இன்னும் பதினொன்று மீதம். அதில் மூன்று, 31-ஆம் பதிவில் வருகிற மணி. போன மாதம் அந்தப் பதிவில் பேசிய ஆத்தாவிடமே போய்ப் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "மொதல்ல சொன்ன மணி வேற கண்ணு, கடைசில சொன்ன மணி வேற. நடுவுல யாரைச் சொன்னேன்னு எனக்கே மறந்து போச்சு" என்றார்.