நிகோடின் பேட்ச், பிரஷர் மாத்திரை, கனவுகள்: என் 14 மாத அனுபவம்

22 வருடம் புகைத்தேன். கடைசிச் சில வருடங்களில் ஒரு நாளைக்கு 20 சிகரெட். விடுவதற்கு நிகோடின் பேட்சைத்தான் நம்பினேன், அது கைவிடவில்லை. ஆனால் பேட்ச் ஒட்டிய இரண்டாம் இரவிலிருந்து வந்த கனவுகளைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் பிரஷருக்கு ஒரு மாத்திரை ஆரம்பித்தபோது கனவுகள் வேறு உருவத்தில் திரும்பி வந்தன. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்து அறிந்தேன், என்ன மாற்றினேன் என்பதை எழுதுகிறேன். பேட்ச் ஒட்டிக்கொண்டு இரவில் விழித்துக் கிடக்கும் ஒருவருக்காவது இது உதவ வேண்டும்.

நான் ஒட்டியது 21 மில்லிகிராம், 24 மணி நேர பேட்ச். காலையில் ஒட்டி மறுநாள் காலையில் மாற்ற வேண்டும். ஆறு வாரம் 21, அப்புறம் இரண்டு வாரம் 14, கடைசி இரண்டு வாரம் 7 என்று மொத்தம் பத்து வாரம். முதல் இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டாம் இரவு ஊர் வீட்டுக் கிணற்றடியில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கயிறு உருளையில் உரசும் சத்தம், ஈரக் கல்லின் வாசனை, அவர் முழங்கையில் இருந்த பழைய தழும்பு எல்லாம் அப்படியே இருந்தன. என்னிடம் கணக்கு கேட்டார், எதற்கான கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. விழித்தபோது மணி 3.40. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அது கனவுதான் என்று மனம் ஒப்புக்கொள்ளவே சில நிமிடம் ஆனது.

அடுத்தடுத்த இரவுகளிலும் இதே மாதிரிதான். எல்லாமே பயங்கரக் கனவுகள் என்று சொல்ல மாட்டேன். சில அழகாகக்கூட இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் நிஜத்தைவிடத் துல்லியமாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் விழிப்பு வந்தது, காலையில் தூங்கி எழுந்த உணர்வே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு சின்ன நோட்டு எடுத்து நான்கு விஷயங்களை எழுத ஆரம்பித்தேன்: பேட்ச் எடுத்த நேரம், கடைசியாகக் காபி குடித்த நேரம், இரவில் விழித்த நேரம், கனவின் வலு. வலுவுக்கு 0 முதல் 3 வரை நானே ஒரு மதிப்பெண் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. விழிப்பு எல்லாமே 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் வந்தது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் வரும் தூக்கக் கட்டம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்தக் கட்டத்தைத் தூண்டுவதில் மூளையில் சுரக்கும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிகோடின் போய் ஒட்டிக்கொள்வதும் அதே அசிடைல்கோலினின் ஏற்பிகள் சிலவற்றில்தான்.

இங்கே எனக்கு உறைத்த விஷயம் ஒன்று. புகைத்த காலத்தில் கடைசி சிகரெட் இரவு 10 மணிக்கு. நிகோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்படியானால் விடியற்காலை 4 மணிக்கு என் உடம்பில் நிகோடின் கொஞ்சம்தான் இருந்திருக்கும். 22 வருடமும் அப்படித்தான் தூங்கியிருக்கிறேன். பேட்ச் ஒட்டியபின், கனவு மிகுந்த அந்த நேரத்திலும் நிகோடின் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. என் மூளைக்கு இது புது அனுபவம்.

பேட்ச் கொடுத்த மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். "நைட்டு கழட்டிடுங்க. படுக்கும்போது கழட்டாம, ஒரு மணி நேரம் முன்னாடியே எடுத்துடுங்க" என்றார். பேட்சை எடுத்த பின்னும் தோலில் ஊறிய நிகோடின் கொஞ்ச நேரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்குமாம். இரவு 9 மணிக்கு எடுத்து 10.30க்குப் படுத்தேன். முதல் இரவு மதிப்பெண் 2, மூன்றாம் இரவு 1. ஐந்து இரவுக்குப் பிறகு, சந்தேகம் தீரட்டும் என்று இரண்டு இரவு பேட்சோடு படுத்துப் பார்த்தேன். இரண்டு இரவும் 3. அதற்கு மேல் எனக்கு வேறு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. எடுத்த பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துத்தான் போட வேண்டும். பயன்படுத்திய பேட்சிலும் நிகோடின் மீதம் இருக்கும், குழந்தை கையில் கிடைத்தால் ஆபத்து.

ஆனால் இரவில் எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. காலையில் எழும்போது உடம்பில் நிகோடின் இல்லை, புது பேட்ச் முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். எனக்கு 5.30 முதல் 8 வரை கை நடுங்குகிற அளவுக்கு ஆசை வந்தது. கண் விழித்ததுமே கட்டிலில் உட்கார்ந்தபடி பேட்ச் ஒட்டினேன். மருத்துவர் சொன்னபடி 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் ஒன்றும் போட்டேன். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளக் கூடாது. சுருக்கென்ற காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு முந்தைய கால் மணி நேரம் காபி கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. விழித்த ஐந்து நிமிடத்தில் சிகரெட் தேடுகிறவர்களுக்கு இரவு முழுக்க பேட்ச் இருப்பதே நல்லது என்று தோன்றலாம். கனவுகளைத் தாங்க முடிந்தால் அது சரிதான். புகையை விடுவதில் பேட்சை 16 மணி நேரம் வைத்திருப்பதும் 24 மணி நேரம் வைத்திருப்பதும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் தூக்கம் கெடுபவர்கள் இரவில் எடுக்கத் தயங்க வேண்டாம்.

காபி பற்றியும் சொல்ல வேண்டும், என் நோட்டில் அது தனியாகத் தெரிந்தது. மாலை 6 மணிக்குக் காபி குடித்த நாட்களில் பேட்ச் இல்லாவிட்டாலும் மதிப்பெண் 2 வரை போனது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள், காபியின் கஃபீனைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். நிகோடின் அதைச் செய்வதில்லை. எனவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் புகையை விட்ட சில நாட்களில் அந்த வேகம் அடங்கிவிடும், அதே ஒரு டம்ளர் காபி முன்பைவிட அதிக நேரம் உடம்பில் தங்கும். தூக்கம் மேலோட்டமானால் கனவின் நடுவில் விழிப்போம், நடுவில் விழித்தால்தான் கனவு நினைவில் நிற்கும். மதியம் 2 மணிக்கு மேல் காபியை நிறுத்தினேன்.

பத்து வாரமும் முடிந்து பேட்சை விட்ட பிறகு வேறொரு கனவு வந்தது. டீக்கடை வாசலில் நின்று புகைக்கிறேன், இரண்டாவது இழுப்பில் "ஐயோ, விட்டுவிட்டேனே" என்று பதறுகிறேன். எழுந்த பின்னும் நாக்கில் அந்தக் கசப்பு இருந்தது, சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். இது பேட்சால் வருவது இல்லை, புகையை விட்டவர்களுக்கு வரும் கனவு. மாதக்கணக்கில் அவ்வப்போது வரும். அதைப் பார்த்து, விரதம் உடைந்துவிட்டது என்று மனம் தளர்ந்து நிஜமாகவே பற்றவைத்துவிட வேண்டாம்.

ஐந்தாம் மாதம் பிரஷர் 152/98, நாடித்துடிப்பு 92. மெட்டோபிரோலால் சக்சினேட் 50 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை எழுதிக் கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம் ஓர் இரவு என் மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, யாரை இப்படி உதைக்கிறீங்க?" நான் கனவில் துரத்தி வந்த ஒருவனை உதைத்திருந்தேன், அடி அவள் முழங்காலில் விழுந்திருந்தது. இன்றுவரை அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நோட்டை மறுபடி எடுத்தேன். இம்முறை கனவின் தன்மையே வேறு. பேட்ச் கனவுகளில் நிறமும் வாசனையும் இருந்தன. இவற்றில் பயம் மட்டுமே இருந்தது: துரத்தல், விழுதல், கத்த முயன்று குரல் வராமை. உடம்பில் அப்போது நிகோடின் துளியும் கிடையாது. புதிதாக வந்தது மாத்திரை மட்டும்தான். மாத்திரையைக் காலைக்கு மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், சம்மதித்தார்கள். 3 என்பது 2 ஆனது, அதற்குக் கீழே வரவில்லை. நாள் முழுக்க மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு இரவென்றும் பகலென்றும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மெட்டோபிரோலால் பீட்டா தடுப்பான் வகை. இந்த வகையில் கொழுப்பில் கரையும் மருந்துகள் மூளைக்குள் எளிதாகப் போகும். மைக்ரேனுக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் புரோபிரானலால் அதில் முன்னணி, மெட்டோபிரோலாலும் போகும். நீரில் கரையும் அட்டெனலால் மூளைக்குள் குறைவாகவே போகும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பையும் இந்த வகை மருந்துகள் குறைக்கும்.

இதைப் படித்துவிட்டு நானாக மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். பீட்டா தடுப்பானைத் திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும், பிரஷர் எகிறும். இதய நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்புவரை போகலாம். மருத்துவர் முதலில் கேட்டது, மனச்சோர்வுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று. ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின் போன்றவை ரத்தத்தில் மெட்டோபிரோலால் அளவை ஏற்றிவிடுமாம். நான் சாப்பிடவில்லை. அடுத்து, இந்த மாத்திரைக்கு முன்பு எப்போதாவது தூக்கத்தில் உதைத்ததுண்டா என்று என் மனைவியிடம் கேட்டார். அப்படி இருந்திருந்தால் நரம்பு மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். கனவுக்கேற்பக் கை காலை வீசுவது தனியான தூக்கக் கோளாறாகவும் இருக்கலாம்.

எனக்கு மாரடைப்போ இதயச் செயலிழப்போ இல்லை. வெறும் பிரஷருக்கு இந்த வகையே வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் ஆரம்பித்து, மெட்டோபிரோலாலை இரண்டு வாரம் 25 ஆகக் குறைத்து நிறுத்தினார். நிறுத்திய பத்தாம் நாள் நோட்டில் முதல் 0 எழுதினேன். இதய நோய்க்காக இதே மாத்திரை சாப்பிடுபவருக்கு நிலைமை வேறு. அவருக்கு அது உயிர் காக்கும் மருந்து, மாற்றினாலும் அதே வகையில் இன்னொன்றுக்குத்தான் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

இப்போது பிரஷர் 128/82. நோட்டில் கடைசியாக எழுதியது மூன்று வாரத்துக்கு முன்பு: டீக்கடைக் கனவு, மதிப்பெண் 1, விழித்தது 4.20, மீண்டும் தூங்கிவிட்டேன்.