"பீக் ப்யூர், பாஸ்" என்ற அறிக்கையை நம்பாதீர்கள்: அம்லோடிபின் விஷயத்தில் எங்களுக்கு நடந்தது

மாத்திரை தயாரிப்பவர்கள், ஹெச்பிஎல்சி வேலையை வெளி லேபுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்.

வெளிச்சத்தில் வைத்த அம்லோடிபின் சாம்பிளை ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினோம். சாம்பிள் கண்ணுக்கே தெரியும்படி மஞ்சளாகியிருந்தது. வந்த அறிக்கையிலோ அஸ்ஸே கிட்டத்தட்ட குறையவேயில்லை, மாசு பீக்கும் இல்லை. ஒரு பீக்குக்குள் வேறு பொருள் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் பீக் ப்யூரிட்டியும் "பாஸ்". அடித்த வெளிச்சத்துக்கு இது பொருந்தவில்லை. பிடிஎஃப் போதாது, மூல டேட்டா வேண்டும் என்று கேட்டோம். இழுத்தடித்துத்தான் தந்தார்கள்.

திறந்து பார்த்தால், பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பதியும் பிடிஏ டிடெக்டரில் ஸ்பெக்ட்ரம் 220 முதல் 260 நானோமீட்டர் வரை மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தது. அம்லோடிபின் 238-லும் 360-லும் உறிஞ்சும். வெளிச்சம் பட்டால் அதன் டைஹைட்ரோபிரிடின் வளையம் ஹைட்ரஜனை இழந்து பிரிடின் ஆகிறது. இதுதான் இம்பியூரிட்டி டி. இதற்கு 360 பட்டை கிடையாது. இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் பகுதியையே அவர்கள் வெட்டிவிட்டார்கள்.

அதோடு சாம்பிளை மிக நீர்த்து ஏற்றியிருந்தார்கள். பீக் உச்சி 0.05 ஏயு கூட இல்லை. சிக்னல் சிறிதானால் இரைச்சலின் பங்கு கூடும், அதை வைத்துச் சாஃப்ட்வேர் போடும் வரம்பான த்ரெஷோல்டு உயரும். பீக்குக்குள் ஸ்பெக்ட்ரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் பியூரிட்டி ஆங்கிள் அதற்குக் கீழே இருந்தால் சாஃப்ட்வேர் பாஸ் போட்டுவிடும். எங்கள் பீக்கில் ஆங்கிள் 3, த்ரெஷோல்டு 8. கேட்டால், "சாஃப்ட்வேரே பாஸ் சொல்லுதே சார்" என்றார்கள்.

வேறொரு லேபில் அதே காலமில், 200 முதல் 400 வரை ஸ்பெக்ட்ரம் எடுத்து, உச்சி 1 ஏயுவைத் தாண்டாதபடி ஏற்றிப் பார்த்தோம். பீக்கின் ஏறுமுகத்திலும் உச்சியிலும் ஸ்பெக்ட்ரம் ஒன்றாக இருந்தது. இறங்குமுகத்தில் 360 பட்டை மட்டும் தணிந்தது. 237, 360 குரோமட்டோகிராம்களின் விகிதத்தை வரைந்தால், வெளிச்சம் படாத சாம்பிளில் நேர்கோடு. பட்டதில் வால் பக்கம் மேலேறியது. மொபைல் ஃபேஸின் பிஹெச்சை மாற்றியதும் வாலுக்குள் இருந்தது தனி பீக்காக வெளியே வந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அம்லோடிபின் 409, புதியது 407. இரண்டு ஹைட்ரஜன் குறைவு, அதேதான்.

அதனால் அறிக்கை வாங்கும்போது ஸ்பெக்ட்ரம் எல்லை, உச்சியின் ஏயு, ஆங்கிள், த்ரெஷோல்டு எல்லாம் எண்ணாகவே கேளுங்கள். மிக அதிகமாக ஏற்றினாலும் டிடெக்டர் நிறைந்து ஸ்பெக்ட்ரம் கோணும், அதையும் பாருங்கள். ஒழுங்காகச் செய்தாலும் பிடிஏவுக்கு எல்லை உண்டு. ஒரே ஸ்பெக்ட்ரம் உள்ள மாசும், முதன்மைப் பொருளோடு ஒரே நேரத்தில் ஒரே வடிவில் வெளிவரும் மாசும் அதற்குத் தெரியாது. அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோ வேறு காலமோதான் வழி.

முதல் லேப் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. திருத்திய அறிக்கையும் இன்னும் வரவில்லை.