வீட்டு விலையைச் சேர்ப்பதா, நிறுத்தி வைப்பதா: காலாண்டுச் சொத்துக் கணக்கில் இரண்டு முறைகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொத்தையும் கடனையும் எழுதிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். வீடு, நகை, ஃபண்டு எல்லாவற்றையும் அன்றைய விலைக்குப் போட்டு, கடனைக் கழித்து ஒரே எண்ணாக எடுப்பது முதல் வழி. இரண்டாவதில் வீட்டைப் பத்திர விலையிலேயே நிறுத்தி வைத்துவிடுவார்கள். நகைக்கு மார்ச் கடைசியில் ஒரு விலை போட்டால் அடுத்த மார்ச் வரை அதைத் தொட மாட்டார்கள். மற்ற வரவு செலவு, கடன் மாற்றங்களை மட்டும் பார்ப்பார்கள். தண்டையார்பேட்டையில் பழைய அடுக்குமாடியில் ஒரு வீடு, கொஞ்சம் பவுன், பி.எஃப்., ஒரு சீட்டு என்று இருக்கும் நான் முதல் வழியில் தொடங்கி, இப்போது இரண்டாவதில் இருக்கிறேன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மாதாமாதம் எழுதலாமா, வருடத்துக்கு ஒருமுறை போதுமா என்ற விவாதத்தில் அதிகம் இல்லை. மாதக் கணக்கில் சம்பளத் தேதியே எண்ணை ஆட்டிவிடும். வருடக் கணக்கில் கெட்டது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று நான்கு நாட்களை வைத்துக்கொண்டால் சரி.

முதல் வழியின் சிக்கலை எங்கள் பக்கத்து நிலவரத்தை வைத்தே சொல்லலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது 2021 பிப்ரவரியில். அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் வீட்டு விலை பற்றி ஒரு எண் சொல்வார்கள். அது விற்பவர் கேட்கும் விலை. பழைய அடுக்குமாடி என்றால் வாங்க வருபவர் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு, கட்டடத்துக்கு என்ன வயது என்று பார்த்துத்தான் விலை பேசுவார். கேட்கும் விலையைக் கணக்கில் போட்டால் கைக்கு வராத லட்சங்கள் ஏறிக்கொண்டே போகும். நகைக்கும் இதே கதைதான். கடையில் கொடுத்த செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எதுவும் விற்கும்போது திரும்பி வராது.

ஒரு மார்ச்–ஜூன் காலாண்டை வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பத்திடம் 45 லட்சத்துக்கு வாங்கிய வீடு இருக்கிறது. அதன் மேல் 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம், இப்போதுதான் தொடக்கம். நகை 25 பவுன், அதாவது 200 கிராம். ஜூனில் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை வருவதால், ஏப்ரல் கடைசியில் நகையில் ஒரு பகுதியை வைத்து 1,50,000 ரூபாய் கடன் எடுக்கிறார்கள். போதாததற்கு வங்கிச் சேமிப்பிலிருந்தும் 40,000 போகிறது. அந்த மூன்று மாதத்தில் தங்கம் கிராமுக்கு 500 ரூபாய் ஏறுகிறது. மாடி வீட்டுக்காரர் சொன்னதை நம்பி வீட்டை 47 லட்சமாகப் போடுகிறார்கள். ஃபண்டுச் சந்தை அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

விலையால் மட்டும் தங்கத்தில் 1 லட்சம், வீட்டில் 2 லட்சம், ஆக 3 லட்சம் கூடியிருக்கிறது. விலை தொடாத பக்கத்துக்கு வருவோம். பி.எஃப்.பில் மூன்று மாதப் பங்கு 21,000, எஸ்.ஐ.பி.யில் 15,000, வீட்டுக் கடனில் குறைந்த அசல் சுமார் 12,000. இவை மூன்றும் சேர்ந்து 48,000 ஏற்றம். இறக்கத்தில் சேமிப்பு 40,000, நகைக்கடன் 1,50,000, அதன் மேல் 9 சதவீதத்தில் இரண்டு மாதம் ஏறிய வட்டி 2,250. இறக்கத்திலிருந்து ஏற்றத்தைக் கழித்தால் 1,44,250 ரூபாய் பள்ளம்.

முதல் வழியில் எழுதியவர் ‘இந்தக் காலாண்டில் 1,55,750 கூடியது’ என்று படித்துவிட்டு ஏட்டை மூடுவார். இரண்டாவது வழிக்காரர் அதே குடும்பத்துக்கு 1,44,250 குறைந்தது என்று படிப்பார். கூட்டலில் இருவரிடமும் பிழை இல்லை. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்வது என்பதற்கு இரண்டாவது எண்தான் வழி காட்டும். படிப்புச் செலவு என்றால் ஒரு காலாண்டு பள்ளம் விழத்தான் செய்யும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. செப்டம்பரிலும் டிசம்பரிலும் அந்த நகைக்கடன் குறைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பலர் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடுவார்கள். தங்கம் ஏறியிருந்தால் கூடுதலாகவும் வாங்கிவிடுவார்கள். முதல் வழிக் கணக்கில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கடனை ஏற்றிய அதே தங்க விலை சொத்தையும் ஏற்றிவிடுகிறது. அதனால் அடகில் இருக்கும் கிராமை என் ஏட்டில் தனி வரியாக எழுதுகிறேன். ரூபாய் எப்படி ஆடினாலும் கிராம் ஆடாது.

வீட்டுக் கடனில் எல்லோரும் எதிர்பார்ப்பதைவிட மெதுவாகத்தான் குறையும். மேலே சொன்ன கடனுக்கு மாதத் தவணை சுமார் 21,700. முதல் மூன்று மாதத்தில் 65,000 கட்டினால் 53,000 வட்டிக்கே போய்விடும். இது இயல்பு. ஆனால் மிதவை வட்டிக் கடனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியபோது, பலருக்குத் தவணை மாறாமல் வருடங்கள் நீண்டன. எனவே நிலுவையோடு மீதி மாதங்களையும் எழுதுங்கள். மூன்று மாதம் கட்டிய பிறகு அந்த எண் மூன்று குறையவில்லை என்றால் வங்கியைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

இரண்டாவது முறையில் தடுமாற வைப்பது சீட்டு. 1 லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 மாதம் என்று வையுங்கள். எட்டு மாதத்தில், தள்ளு போக 36,000 கட்டியிருக்கிறீர்கள், அது சொத்து. இப்போது ஏலத்தில் எடுத்து 78,000 கைக்கு வருகிறது. பலர் அதை வரவாகப் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். இன்னும் கட்ட வேண்டிய 12 தவணை, அதிகபட்சம் 60,000, அன்றிலிருந்து கடன். 36,000 சொத்து போய் 18,000 மிச்சமாகிறது. இனி வரும் தள்ளில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனாலும் சீக்கிரம் எடுத்ததன் விலை அந்த வரியில் தெரிந்துவிடும்.

பி.எஃப்.பில் ஒரு சின்ன எச்சரிக்கை. வட்டி வருடத்துக்கு ஒருமுறைதான் பாஸ்புக்கில் ஏறும். அது ஏறும் காலாண்டில் நாம் பெரிதாகச் சேமித்துவிட்டதாகத் தோன்றும். அதை விலை பக்கத்தில் சேர்த்துவிடுவது நல்லது. அதேபோல் ஜூன் காலாண்டை மார்ச்சோடு ஒப்பிடாமல் போன ஜூனோடு ஒப்பிட வேண்டும். கட்டணமும் தீபாவளி போனஸும் அதனதன் மாதத்தில்தான் வரும்.

முதல் வழி வேண்டவே வேண்டாமா? பாகப் பிரிவினை பேசும்போதும், வீட்டை விற்று வேறு இடம் போக யோசிக்கும்போதும் அன்றைய விலைதான் தேவை. நானும் மார்ச்சில் ஒருமுறை அப்படிப் போட்டுப் பார்க்கிறேன். சொத்தில் பெரும்பகுதி பங்குகளாக இருப்பவருக்கு இரண்டாவது முறை பொருந்தாது. அங்கே விலை என்பது நாளைக்கே பணமாகக் கூடியது. மண்ணடி, சௌகார்பேட்டை பக்கம் சரக்கு வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு எது சரி என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கடன் கொடுத்து வாங்குவதே தொழிலாக இருக்கும்போது, சரக்கும் பாக்கியும் வாரத்துக்கு வாரம் மாறும். என் ஏடு சம்பள வீட்டுக்கு எழுதியது.