நாலு வருஷமாக ஓடும் என் ஒரு பக்க இணையதளம்

ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் என்கிற ஊரில் இருந்துகொண்டு படம் எடுப்பதுதான் என் தொழில். கல்யாணப் படம் இல்லை. கடற்பாசி எடுக்கிற பெண்கள், கருவாட்டுக் களம், படகுக் கட்டுமானம் போன்றவை. தொண்டு நிறுவனங்களும் ஆய்வு அறிக்கை போடுகிறவர்களும்தான் வேலை கொடுப்பவர்கள். பெரும்பாலும் சென்னை, மதுரை ஆட்கள். என்னை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் என் எண்ணையோ இணைப்பையோ அனுப்பி வைப்பார். அதைத் திறந்து பார்த்த கொஞ்ச நேரத்தில் இவன் சரிப்படுவானா என்று முடிவு செய்வார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக 2021இல் ஒரு இணையதளம் போட்டேன். அது எங்கே உதவியது, எங்கே காலை வாரியது என்று எழுதுகிறேன்.

முதலில் போட்டது ஓர் இலவச வார்ப்புரு. மேலே தானாக நகரும் ஐந்து படங்கள், கீழே நாற்பத்தெட்டு படங்கள், நடுவில் ‘ஒளியால் கதை சொல்பவன்’ என்று ஒரு வரி. எனக்கு ரொம்பப் பெருமை. பாம்பனில் ஐஸ் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்து, “நான் என்ன வேலை பார்க்கிறவன்னு இதுல தெரியுதா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்த திரையைப் பார்த்தான். படம் வந்ததும், “கல்யாண ஆல்பமா மாப்ள? நல்லாத்தான் இருக்கு” என்றான். அவன் மேல் தப்பில்லை. கதை சொல்பவன் என்றால் யார் என்ன நினைப்பார்கள்?

அன்றைக்கே அந்த வரியை மாற்றினேன். இப்போது இருப்பது இதுதான்: “மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் மீன்பிடி, பாசித் தொழில்களைப் படம் எடுக்கிறேன். இருப்பது மண்டபம்.” என்ன வேலை, எந்த ஊர் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. கல்யாணத்துக்குக் கேட்டு வரும் அழைப்புகள் அதோடு நின்றுபோயின.

அந்த வெள்ளைத் திரைக்குக் காரணம் வேறு. கேமராவில் இருந்து வந்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் 5 எம்பிக்குக் குறையாது. முதல் பன்னிரண்டு படங்களே 60 எம்பி. நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் அது இறங்கவே நாலு நிமிஷம் ஆகும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் அந்த வேகமும் சந்தேகம்தான். அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, ஜேபெக் தரம் 80இல் சேமித்தால் ஒரு படம் 250 கேபி அளவில் வந்துவிடுகிறது. போன் திரையில் வித்தியாசம் தெரியாது. படங்களையும் ஆறாகக் குறைத்தேன். மொத்தம் 1.5 எம்பி, அதே வேகத்தில் ஆறு நொடி. வார்ப்புருவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக எழுதி, கிட்ஹப் பேஜஸில் வைத்தேன். இடத்துக்குக் காசில்லை, இணையதளப் பெயருக்கு மட்டும் வருஷக் கட்டணம். முதல் படத்தைத் தவிர ஒவ்வொரு படமும் இப்படித்தான் இருக்கிறது:

```html
<img src="pasi-02.jpg" width="1600" height="1067"
     loading="lazy" alt="பாசி மூட்டையோடு கரையேறும் பெண்கள்">
```

அகலம், உயரம் எழுதாவிட்டால் படம் இறங்க இறங்கப் பக்கம் குதிக்கும். படிக்கிறவர் விட்ட இடத்தைத் தொலைத்துவிடுவார். `loading="lazy"` என்று போட்டால், படிக்கிறவர் பக்கத்தில் வரும்வரை படம் இறங்காமல் காத்திருக்கும். அதைக் கீழே இருக்கும் படங்களுக்கு மட்டும் போட வேண்டும். நான் முதல் படத்துக்கும் போட்டுவிட்டு, அது மட்டும் ஏன் தாமதமாக வருகிறது என்று ரெண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஆனால் வேலையைக் கொண்டுவந்தது வேகம் இல்லை. படங்களுக்குக் கீழே எழுதிய குறிப்புதான். முன்பெல்லாம் “பாசி எடுக்கும் பெண், 2020” என்று எழுதுவேன். வெளியாளுக்கு அதில் இருந்து ஒன்றும் தெரியாது. நானாகப் போய் எடுத்தேனா, யாராவது அனுப்பினார்களா, எத்தனை நாள் ஆனது, எதுவுமே இல்லை. இப்போது முகப்பில் மூன்றே வேலைகள்தான். ஒவ்வொன்றின் கீழும் கேட்டது என்ன, செய்தது என்ன, செய்யாதது என்ன என்று எழுதியிருக்கிறேன். பாசி வேலையின் கீழே உள்ளது இது: “ஓர் ஆய்வு அறிக்கைக்காக. மூன்று நாள், நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனது. 14 படங்களும் விளக்கக் குறிப்பும் கொடுத்தேன். பேட்டிகள் என்னுடையவை அல்ல. எல்லாம் ஊர்க் கரையில் எடுத்தவை, தீவுகளுக்குள் போகவில்லை.”

கடைசி வரியை எழுத ஒரு காரணம் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. விஷயம் தெரிந்த ஒருவர் பாசிப் படத்தைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அந்த வரியைச் சேர்த்த பிறகு சென்னையில் இருந்து அறிக்கை தயாரிக்கும் ஒரு அம்மா போன் செய்தார். கேட்டது ரெண்டே கேள்வி: எப்போது வரலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு? முன்பு யார் கூப்பிட்டாலும் “இன்னும் கொஞ்சம் சாம்பிள் அனுப்புங்க”வில்தான் பேச்சு தொடங்கும்.

தொடர்புக்கு ஒரு படிவம் வைத்திருந்தேன், இலவசச் சேவை. அதில் வந்த கடிதங்கள் மூன்று மாதம் குப்பைப் பெட்டிக்குள் கிடந்திருக்கின்றன. ஒரு வேலை அப்படியே போயிற்று. இப்போது படிவம் இல்லை. மின்னஞ்சலும், இதற்கென்றே வாங்கிய ரெண்டாவது சிம்மின் வாட்ஸ்அப்பும்தான். இன்ஸ்டாகிராம், விசிட்டிங் கார்டு, கடிதத்தின் அடி என்று எல்லா இடத்திலும் இந்த ஒரு முகவரியை மட்டும் கொடுக்கிறேன். தேடிப்பிடித்து இங்கே வந்தவர் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. வேறெங்கோ கேள்விப்பட்டவர் வந்து முடிவு செய்கிற இடம் இது, அவ்வளவுதான்.

ரொம்பச் சங்கடப்பட்டது போன வருஷம். முகப்பில் இருந்த படத்தில் ஓர் அக்காவின் முகம் தெளிவாகத் தெரியும். எடுத்தபோது சரி என்றவர்தான். பிறகு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் சமயத்தில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். “அத எடுத்துருப்பா” என்றார். அன்று இரவே அழித்தேன். பக்கத்தில் இருந்து போய்விட்டது. ஆனால் தளத்தின் கோப்புகள் இருக்கும் என் கிட்ஹப் களஞ்சியம் யாரும் பார்க்கக்கூடியது. அதில் பழைய பதிப்புகள் எல்லாம் வரலாறாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். நாலு சொடுக்கில் அந்தப் படம் அப்படியே வந்து நின்றது. கோப்பை அழிப்பது போதாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரலாற்றைத் திருத்தவும் வழி உண்டு, எனக்கு அதில் கை தேறவில்லை. களஞ்சியத்தையே அழித்து, மிச்சக் கோப்புகளை வைத்துப் புதிதாகத் தொடங்கினேன். அதற்கு முன் யாராவது தரவிறக்கியிருந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. அதையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

பதிலுக்கு எதை வைக்கலாம் என்று அவரிடமே ரெண்டு மூன்று படங்களைக் காட்டினேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, அந்தக் கையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடித்திருக்கும் படம் ஒன்று இருந்தது. “இது இருக்கட்டும். கையப் பாத்து எவன் கண்டுபிடிக்கப் போறான்” என்றார். இப்போது முகப்பில் முதலாவதாக இருப்பது அதுதான்.