இலைக் கணக்கில் வந்த இரட்டைக் கோப்பு வைரஸ் இல்லை: ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை எடுக்கும் ஒரு கொட்டகையில், அதாவது செட்டில், நடந்தது இது. எடை போடும் இடத்தில் ஒரு கணினி, கணக்கர் வீட்டில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே ஒன்டிரைவ் கணக்கு, ஒரே எக்செல் கோப்பு. எக்செல் பழைய 2010 பதிப்பு. மாதம் முடிந்து பணம் பட்டுவாடா செய்யும்போது பல பேருக்கு சில நாள் எடையே காணோம். பழுது பார்த்த கடைக்காரர் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் காசு வாங்கினார். இரண்டு தடவையும் நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

முதல் தடவை, கோப்புறையில் `June.xlsx` பக்கத்தில் `June-DESKTOP-4F7K.xlsx` என்று ஒன்றிரண்டு இருப்பதைப் பார்த்து, "வைரஸ் நகல் எடுக்குது" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்தார். காணாமல் போன எடைகள் அந்த நகல்களுக்குள்தான் இருந்தன.

அந்த நகல் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எக்செலில் ஒரு கோப்பைத் திறந்தால், அதே இடத்தில் `~$June.xlsx` என்று ஒரு சின்ன மறைகோப்பு உருவாகும். இதுதான் பூட்டு. ஒரே அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறை என்றால், இரண்டாவது ஆள் திறக்கும்போது "வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று எக்செல் சொல்லிவிடும், ஏனென்றால் இருவரும் தொடுவது ஒரே கோப்பு. ஒன்டிரைவில் அப்படி இல்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பிரதி, மேலே இணையத்தில் ஒரு பிரதி; இவற்றைத்தான் ஒன்டிரைவ் ஒத்துவைக்கிறது. `~$` என்று தொடங்கும் கோப்பை ஒன்டிரைவ் மேலே அனுப்பாது. ஆக, செட்டில் போட்ட பூட்டு கணக்கர் வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

செட்டில் காலையில் திறந்த கோப்பு இரவு வரை மூடப்படவில்லை. சாயங்காலம் கணக்கர் தன் கணினியில் உரக்கடன், முன்பணம் எல்லாம் ஏற்றிச் சேமித்தார். அந்தப் புதுப் பிரதி செட்டுக்கு இறங்கி வந்தபோது, எக்செல் கையில் கோப்பு இருந்ததால் ஒன்டிரைவால் அதை மாற்றி வைக்க முடியவில்லை. பிறகு செட்டில் அன்றைய எடையோடு சேமித்தார்கள். இப்போது வெவ்வேறான இரண்டு பிரதிகள். எது சரி என்று ஒன்டிரைவுக்குத் தெரியாது. மேலே இருப்பதற்குப் பழைய பெயரையே விட்டுவிட்டு, இந்தக் கணினியில் இருந்ததற்குக் கணினிப் பெயரை ஒட்டி இரண்டையும் வைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் போகும் நாட்களில், கோப்பை மூடி வைத்தாலும் இதே கதைதான்: இரண்டு பக்கமும் இணைப்பில்லாமல் எழுதி, பிறகு மோதும்.

பெயரில் ஒட்டியிருப்பது எந்தக் கணினி என்று பார்க்க, கட்டளைச் சாளரத்தில் `hostname` என்று தட்டுங்கள். இரண்டு கணினிகளின் பெயரும் DESKTOP- என்று தொடங்கினால் எல்லா நகல்களையும் தேட இது போதும், வேறு பெயரென்றால் அந்த இடத்தில் அதைப் போடுங்கள்:

```
dir /s /b "%OneDrive%\*-DESKTOP-*"
```

கிடைத்ததை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒன்டிரைவுக்கு வெளியே, உதாரணமாக `D:\Check` என்ற கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். ஒரே எக்செலில் Sheet1, Sheet2 என்று இரண்டு தாள்களாக வையுங்கள். A தேதி, B விவசாயி எண், C எடை என்றால், முதல் தாளில் காலியாக இருக்கும் பத்தியின் இரண்டாம் வரியில் இதைப் போட்டு, கடைசி வரி வரை இழுங்கள்:

```
=COUNTIFS(Sheet2!A:A,A2,Sheet2!B:B,B2,Sheet2!C:C,C2)
```

0 வந்த வரி மற்ற தாளில் இல்லை, அல்லது எடை மாறியிருக்கிறது. Sheet2 என்பதை Sheet1 என்று மாற்றி, இதையே இரண்டாம் தாளிலிருந்தும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

அழித்துவிட்டார்களா? onedrive.live.com தளத்தில் Recycle bin-ஐப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை இருக்கும். கணினியின் குப்பைத்தொட்டியைக் காலி செய்திருந்தாலும் மேலே ஏறிய நகல் அங்கே கிடைக்கும். இந்தச் செட்டுக்கும் அப்படித்தான் திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை இன்னும் மோசம். "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று செய்தி வந்தது. கடைக்காரர் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றைத் தலையில் கட்டி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார். நிறைந்தது கணினியின் டிஸ்க் அல்ல. மேலே இருக்கும் இலவச 5 ஜிபி. எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த 5 ஜிபி அதிகமாகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஒன்டிரைவ் சின்னத்தைச் சொடுக்கி Settings, Account பகுதியில் எவ்வளவு பயன்பட்டது என்று பாருங்கள். அங்கே 5 ஜிபியைத் தொட்டிருந்து, C: டிரைவில் தாராளமாக இடம் இருந்தால், டிஸ்க் விற்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். இங்கே இடத்தைத் தின்றது எடைச் சீட்டுகளை எடுத்த போன் படங்கள். Pictures கோப்புறையின் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. Manage backup-இல் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் பழைய படங்கள் தாமாக வெளியே வரும் என்று நம்பாதீர்கள். நீங்களே ஒன்டிரைவுக்கு வெளியே நகர்த்தி, இறங்கி வந்துவிட்டதைத் திறந்து பார்த்த பிறகு, இணையத்திலுள்ள Recycle bin-ஐயும் காலி செய்யுங்கள். ஆனால் மேலே சொன்னபடி அழிந்த நகல்களை மீட்ட பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

இடம் நிறைந்தால் மேலே ஏறுவது நின்றுவிடும், ஆனால் எக்செல் வழக்கம்போல் சேமிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. செட்டுக் கணினியில் ஒன்பது நாள் எடை அப்படித்தான் தேங்கிக் கிடந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் மேலே இருந்த பழைய பிரதி மட்டும் இறங்கி வந்தது. சண்டை போட்டுப் பழைய டிஸ்கை வாங்கி, அதன் `Users` கோப்புறைக்குள் ஒன்டிரைவைத் திறந்த பிறகே ஒன்பது நாளும் கிடைத்தது. டிஸ்க் வேறொருவர் கணினிக்குப் போயிருந்தால் அவ்வளவுதான்.

சில கோப்புகள் மட்டும் சிவப்புக் குறுக்குக் குறியோடு நின்றதற்குக் கடைக்காரர் "தமிழ் ஃபான்ட் ஒத்துக்கல" என்றாராம். தமிழால் சிக்கல் இல்லை, பாதையின் நீளத்தால்தான். விண்டோஸில் முழுப் பாதைக்கு வழக்கமான வரம்பு 260 குறியீடு; எக்செலுக்கு 218தான். ஒன்டிரைவ் மேலே 400 வரை ஏற்கும். அதனால் இணையத்தில் நன்றாக இருக்கும் கோப்பு கணினியில் திறக்காமல் போகலாம். தமிழில் புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்படும்: கோத்தகிரி நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. ஊர், ஆண்டு, மாதம், தேதி என்று கோப்புறைக்குள் கோப்புறை வைத்தால் சீக்கிரம் எட்டிவிடும். நடுவில் ஒரு பெயரைச் சுருக்கினாலே போதும்.

இரட்டைக் கோப்பு மறுபடி வராமல் இருக்க இந்தச் செட்டில் இப்போது எடைக்கு ஒரு கோப்பு, பிடித்தத்துக்கு ஒரு கோப்பு. எடைக் கோப்பில் செட்டு மட்டும் எழுதும், பிடித்தத்தில் கணக்கர் மட்டும். மாதக் கடைசியில் கணக்கர் இரண்டையும் சேர்க்கிறார். இரவில் எக்செலை மூடி, மேலே ஏறிவிட்டதைக் காட்டும் பச்சை டிக் வந்த பிறகே கணினியை அணைக்கிறார்கள்.

எந்தக் கடையாக இருந்தாலும் கணினியைக் கொடுக்கும் முன், இன்னும் மேலே ஏறாமல் நீல அம்புக்குறியோடு சுற்றிக்கொண்டிருக்கும் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். "பழைய டிஸ்க் திருப்பித் தரப்படும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் கழிக்கிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள்.